கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள்
(சிறுகதை வரைவைச் செப்பனிடுவது பற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

கதையின் வேகம், பார்வைக் கோணம், முடிவு ஆகிய மூன்றையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றைத் தனித்தனிக் குறைகளாக நாம் பட்டியல் போடுகிறோம். வரைவுகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது வேறு. முடிவு சரியில்லாத கதையில் மற்ற இரண்டும் பெரும்பாலும் அந்த முடிவால்தான் கெடுகின்றன. அதை இன்று ஒரு வரைவை வைத்தே பார்க்கலாம். இந்தக் கூட்டத்துக்காக நானே எழுதிக்கொண்டு வந்த வரைவு இது. வழக்கமாக வரும் குறைகளை அவை வரும் விதத்திலேயே இதில் வைத்திருக்கிறேன்.

கதை இதுதான். வள்ளி திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். அப்பா இறந்து ஓராண்டு ஆகிறது. ஊரில் இருக்கும் வீட்டில் தனக்குள்ள பங்கை அண்ணன் முருகேசனுக்கு விட்டுக்கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறாள். தாராபுரம் வழியாகப் பஸ் பயணம். வழியில் பழைய நினைவுகள். பஸ் ஸ்டாண்டில் அண்ணனோடு ஒரு டீ. பிறகு சார்பதிவாளர் அலுவலகம். கையெழுத்துப் போடும் நேரத்தில் அண்ணன் உடைந்து அழுது, பத்திரத்தைக் கிழித்துப் போட்டு, "உனக்கும் பங்கு உண்டு" என்கிறான். கதை முடிகிறது.

முதல் தடவை பேனா இல்லாமல் படித்துவிடுங்கள். இரண்டாம் தடவை ஓரத்தில் ஒன்றை மட்டும் குறியுங்கள்: இந்தப் பத்தியில் கதைக்குள் எவ்வளவு நேரம் ஓடுகிறது, அதற்கு எத்தனை சொற்கள் செலவாகியிருக்கின்றன.

நம் வரைவு 1,800 சொற்கள். பஸ் பயணத்துக்கு 600, இளமை நினைவுகளுக்கு 500, டீக்கடைக்கு 250, பதிவு அலுவலகத்துக்கு 300, அண்ணன் அழுவதற்கும் கிழிப்பதற்கும் 150. இப்படி எழுதிப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிடுகிறது. வள்ளி வாழ்க்கையில் ஒன்றை இழக்கவோ மறுக்கவோ போகிற இடம் பதிவு அலுவலகம். அதற்கு மொத்தக் கதையில் ஆறில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கிறது. ஜன்னல் வழியே தெரிந்த காற்றாலைகளுக்கும் பக்கத்து சீட்டுப் பாட்டிக்கும் அதைப்போல இரண்டு மடங்கு.

மெதுவாகப் போவதைக் குறை என்று நினைக்காதீர்கள். எதுவும் மாற வாய்ப்பில்லாத இடத்தில் மெதுவாகப் போவதுதான் குறை. பஸ்ஸில் இருக்கும்வரை வள்ளியால் எதையும் செய்ய முடியாது. ஒரு பத்தியை எடுத்துவிட்டு அடுத்ததைப் படித்துப் பாருங்கள். எந்த வாக்கியமும் தடுமாறவில்லை என்றால் அந்தப் பத்தி அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது. பாட்டி பத்தி அப்படித்தான், போகலாம். நினைவுப் பகுதியில் ஓர் இடம் அப்படி இல்லை: ஓடு மாற்றும்போது அப்பா ஏணியில் நிற்க, வள்ளி கீழிருந்து ஓடுகளை எடுத்துக் கொடுக்கிறாள். அந்த வீட்டில் அவள் கையும் பட்டிருக்கிறது என்று வாசகருக்குத் தெரிவது அங்கேதான். அதை வைத்துக்கொள்ளுங்கள், நாலு வரி போதும்.

இனி அந்த 300 சொற்களுக்குள் வாருங்கள். வரைவில் ஒரு வாக்கியம்: "டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய், கேமராவைப் பார்த்து, ரேகை சரியாகப் பதியாமல் இரண்டு மூன்று தடவை வைத்து, வெளியே வந்தாள்." நம் மொழியில் வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் கடந்துவிடும். சுருக்கிச் சொல்ல வேண்டிய இடத்தில் இது அருமையான வசதி. காட்ட வேண்டிய இடத்தில் இதே வசதி கதையை விழுங்கிவிடும். ஒவ்வொரு வினையையும் முற்றாக நிறுத்தினால் நேரம் தானே மெதுவாகும். "ரேகை பதியவில்லை" என்று ஒரு முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள். வாசகர் அங்கே நின்று, ஏன் பதியவில்லை என்று கேட்பார். வருடக்கணக்காகப் பிசிறு வெட்டி விரல் தேய்ந்துபோயிருக்கிறது. இந்த வரைவிலேயே எனக்கு உயிராகத் தெரிவது இந்த ஒரு விவரம்தான். எழுதியவர் அதன்மேல் ஏறி நடந்து போயிருக்கிறார். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து, பார்வைக் கோணம். கதை படர்க்கையில் இருந்தாலும் நாம் வள்ளியோடுதான் பஸ் ஏறினோம். அவள் பார்ப்பதைப் பார்க்கிறோம், அவள் நினைப்பது நமக்குத் தெரிகிறது. இப்படி ஒருவர் தோளுக்குப் பின்னால் நிற்கும் கதையில் கண் எங்கே நழுவுகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி, சந்தேகமான பத்தியில் 'அவள்' என்பதையெல்லாம் 'நான்' என்று மாற்றிச் சத்தமாகப் படிப்பது. "பத்திர எழுத்தர் வாசித்ததைக் கேட்டு என் முகம் வெளிறியது" என்று வரும். தன் முகம் வெளிறியதை அவள் எப்படிப் பார்த்தாள்? காது அடைத்ததையோ நாக்கு வறண்டதையோ சொல்லியிருக்கலாம்.

இந்தச் சோதனைக்கும் அகப்படாத நழுவல்கள் உண்டு. தமிழில் அவை உறவுச் சொல்லிலும், வருதல் போதல் என்ற வினைகளிலும் ஒளிந்திருக்கும். வரைவில் முதல் பக்கம் முழுக்க "அண்ணன் போன் செய்திருந்தான்", "அண்ணன் சொன்னான்" என்று இருக்கிறது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவன் "முருகேசன்" ஆகிவிடுகிறான். வள்ளி மனதுக்குள்கூட அவனைப் பெயர் சொல்லி நினைக்க மாட்டாள். பெயர் வந்த இடத்தில் அவளை விட்டு விலகிவிட்டோம். அப்புறம் இந்த வரி: "வள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முருகேசன் வெளியே வந்து பத்திர எழுத்தரிடம் ஏதோ கேட்டான்." அவள் உள்ளே இருக்கிறாள். அவளுக்கு அவன் வெளியே *போகிறான்*. "வந்து" என்று எழுதியபோது எழுத்தாளர் வாசலில் போய் நின்றுவிட்டார்.

எல்லார் மனதுக்குள்ளும் போய்வரும் கதைசொல்லி தவறா என்று கேட்பீர்கள். இல்லை. அப்படிச் சொல்வதென்றால் முதல் பத்தியிலேயே அந்தக் குரல் கேட்க வேண்டும். நாலு பக்கம் ஒருத்தியோடு நடந்துவிட்டு, அவசரத்துக்கு மட்டும் இன்னொருவன் மனதுக்குள் குதிக்கக் கூடாது. நம் வரைவில் நடப்பது அதுதான்: "அவள் தேய்ந்த விரலைப் பார்த்து முருகேசன் உள்ளுக்குள் கூசினான்."

இந்த வாக்கியத்தைச் சிவப்பில் சுழித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எழுத்தாளர் இங்கே ஏன் குதித்தார் என்று கேளுங்கள். அடுத்த பத்தியில் அண்ணன் அழப்போகிறான், பத்திரத்தைக் கிழிக்கப்போகிறான். அதற்குக் கதையில் எந்த அடையாளமும் இல்லை என்று எழுத்தாளரின் உள்மனதுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அவன் மனதுக்குள் போய் ஒரு கூச்சத்தை வைத்திருக்கிறார். கண் நழுவியது கவனக்குறைவால் அல்ல. முடிவு இழுத்ததால் நழுவியது. ரேகை வரியை அவசரமாகக் கடந்ததற்கும் அதே காரணம்தான். முடிவு அண்ணன் கையில் இருக்கிறது என்று தீர்மானித்த பிறகு வள்ளியின் விரல் வெறும் தகவலாகிவிட்டது.

அதனால்தான் கடைசிப் பத்தியைக் கையால் மறைக்கச் சொல்கிறேன். மறைத்துவிட்டு, அதற்கு நேர் எதிரான முடிவை அங்கே வைத்துப் பாருங்கள். அண்ணன் அழவில்லை. பத்திரம் பதிவாகிறது. வள்ளி அடுத்த பஸ்ஸில் திரும்புகிறாள். இதற்காக முன்பக்கங்களில் ஒரு வரியாவது மாற்ற வேண்டியிருக்கிறதா? இல்லை. டீக்கடையும் நினைவுகளும் அப்படியே பொருந்துகின்றன. இரண்டு எதிர் முடிவுகளையும் ஒரே மாதிரி தாங்குகிற கதை, எந்த முடிவையும் இன்னும் சம்பாதிக்கவில்லை.

இங்கே பலரும் செய்கிற திருத்தம் ஒன்று உண்டு. டீக்கடையில் அண்ணன் கண் கலங்குவதாக ஒரு வரி, பஸ்ஸில் அவன் தங்கைக்கு வளையல் வாங்கித் தந்த நினைவு ஒன்று என்று முன்கூட்டியே விதை தூவுவார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. வாசகர் அந்த விதைகளைப் பார்த்ததுமே அறுவடையை ஊகித்துவிடுவார். அதைவிட முக்கியமாக, மாறுகிறவன் அப்போதும் அண்ணன்தான். நாம் கூடவே வந்த வள்ளி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். முடிவில் ஏதாவது செய்யவோ, செய்யாமல் விடவோ வேண்டியவள் அவள். கருவி முன்னால் அவள் நிற்கிற இடத்தை எழுதிப் பார்க்கலாம்:

"ரேகை பதியவில்லை. எழுத்தர் மறுபடி வைக்கச் சொன்னார். வள்ளி விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. அண்ணன் பக்கத்தில் வந்தான். 'நல்லா அமுத்து, அம்மிணி' என்றான். அமுத்தினாள். மறுபடியும் சிவப்பு. அண்ணன் அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தன் சட்டையில் தேய்த்தான். சின்ன வயதில் முள் எடுக்கும்போது பிடித்த அதே பிடி. கண்ணாடிமேல் வைத்து, தன் விரலால் மேலிருந்து அழுத்தினான்."

கண் அவளைவிட்டு எங்கும் போகவில்லை. அண்ணன் அண்ணனாகவே இருக்கிறான், பக்கத்தில் *வருகிறான்*. அவனிடம் பாசம் இருக்கிறதா, வீடு வேண்டும் என்ற ஆசை மட்டும்தானா என்று நாம் சொல்லவில்லை. இரண்டும் அந்தப் பிடியிலேயே இருக்கின்றன. இதற்குப் பிறகு விரலை அவள் இழுத்துக்கொள்ளலாம், அழுத்தவும் விடலாம். எதைத் தேர்ந்தாலும் ஓடு எடுத்துக் கொடுத்த அந்த நாலு வரியை அதற்கேற்பத் திருத்த வேண்டியிருக்கும். அப்படி முன்பக்கம் அசைகிறதென்றால் முடிவு கதைக்குள்ளிருந்து வருகிறது. பஸ்ஸிலிருந்து மிச்சமான சொற்கள் இங்கே வந்து சேரட்டும்.

இந்தச் சோதனை எல்லாக் கதைக்கும் செல்லாது. எதிர்பாராத ஒரு தற்செயலையே பொருளாகக் கொண்ட கதைகள் உண்டு. அங்கே எதிர் முடிவும் பொருந்தத்தான் செய்யும். அந்த மாதிரிக் கதையில் தற்செயல் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். சிக்கலைத் தொடங்கிவைக்க வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கலைத் தீர்த்துவைக்க வந்தால் வாசகர் ஏமாந்ததாகத்தான் உணர்வார்.

கடைசியாக, குறிப்பை எழுதும் விதம். நீங்கள் கண்ட வரிசையிலேயே எழுத்தாளரிடம் சொல்லாதீர்கள், முடிவிலிருந்து பின்னோக்கிச் சொல்லுங்கள். "கடைசிப் பத்தியில் மாறுவது அண்ணன். நான் கூட வந்தது வள்ளியோடு" என்று முதலில். "நாலாம் பக்கத்தில் அண்ணன் மனதுக்குள் போகிறீர்கள், இந்த முடிவுக்காகவா?" என்று அடுத்து. "ரேகை வரியில் இன்னும் நிற்க ஆசைப்பட்டேன்" என்று மூன்றாவதாக. பஸ் பயணத்தைக் குறைக்கச் சொல்லவே வேண்டியிருக்காது, அவரே குறைத்துவிடுவார். ஒற்றுப் பிழைகளை இந்தச் சுற்றில் தொட வேண்டாம். பாதிப் பக்கங்கள் எப்படியும் போகப்போகின்றன, அவற்றைத் திருத்தித் தந்தால் அவருக்கு அவற்றை வெட்ட மனம் வராது.