400 கேவி லைன்ல ரெட்டைக் கம்பி: கொரோனா பத்தி ஒரு சந்தேகம்

"சார், ஒரு ஃபேஸுக்கு ரெண்டு கம்பி போட்டா அது ஒரே தடிமனான கம்பி மாதிரி ஆயிடும், அதனால கொரோனா குறையும்னு படிச்சேன். ஆனா ரெண்டு கம்பியும் அதே சைஸ், அதே வோல்டேஜ்தானே? அப்புறம் எப்படிக் குறையும்?"

சந்தேகம் சரியான இடத்துலதான் வந்திருக்கு. அந்த 'தடிமனான கம்பி' விளக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க. இண்டக்டன்ஸ் கணக்குக்கு அது சரி. கொரோனாவுக்கு அப்படியே எடுத்தா தப்பாப் போயிடும்.

கொரோனான்னா கம்பியை ஒட்டின காத்து உடைஞ்சு மின்சாரம் கசியறது. காத்து உடையறது வோல்டேஜைப் பார்த்து இல்ல. கம்பியை ஒட்டி இருக்கிற ஒரு சென்டிமீட்டர் காத்து மேல எவ்வளவு வோல்ட் ஏறுதுங்கிறதைப் பார்த்து, அதுதான் ஃபீல்டு. அதை முடிவு பண்றது, கம்பித் தோல் மேல உட்கார்ந்திருக்கிற சார்ஜ்.

நம்ம ஊர் 400 கேவி லைன்ல இருக்கிற மூஸ் கண்டக்டரை எடுத்துக்கலாம். விட்டம் சுமார் 3.2 சென்டிமீட்டர். ஃபேஸ் வோல்டேஜ் 231 கேவி. ஃபேஸுக்கு ஃபேஸ் 13 மீட்டர்னு வச்சுக்குங்க. ஒத்தைக் கம்பியா இருந்தா, அதோட மேற்பரப்புல சென்டிமீட்டருக்கு சுமார் 21.6 கேவி வரும். வழவழப்பான கம்பிக்கே சுத்தமான காத்து தாங்குறது ஏறக்குறைய 21தான். மூஸோ முறுக்கின கம்பி, மேடு பள்ளம் இருக்கும். அதுக்கு 17, 18லயே ஆரம்பிச்சிடும். அப்படின்னா நல்ல வெயில்லயும் லைன் உஸ்ஸுனு கத்திக்கிட்டே இருக்கும்.

இப்போ 45 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு மூஸ். கெப்பாசிட்டன்ஸ் கூடுறதால அந்த ஃபேஸோட மொத்த சார்ஜும் கூடுது, ஆனா இரண்டு மடங்கு ஆகல, ஏறக்குறைய 1.33 மடங்குதான். அதை ரெண்டு கம்பியும் பங்கு போட்டுக்குது. ஒத்தைக் கம்பியில இருந்ததுல ஆளுக்கு மூணுல ரெண்டு பங்கு! வோல்டேஜ் அதேதான், ஒவ்வொரு கம்பித் தோல் மேல இருக்கிற சார்ஜ்தான் குறைஞ்சுபோச்சு. சராசரி 14.4 கேவிக்கு இறங்கிடும்.

ஆனா அந்த சார்ஜ் சுத்திவர சமமா இருக்காது. ஒரே சார்ஜ் ஒன்னையொன்னு தள்ளுறதால, ரெண்டு கம்பியும் எதிரெதிரே பார்க்கிற உள்பக்கம் லேசா காலியாகும், வெளிப்பக்கம் கொஞ்சம் குவியும். அங்க 15.4 வரும். அதுவும் 17க்குக் கீழதான், பிழைச்சுக்கும். 'தடிமனான கம்பி'ன்னு நினைச்சு, ரெண்டு கம்பிக்கும் சேர்த்து வர்ற சமான ஆரம் 8.5 சென்டிமீட்டரைப் போட்டுக் கணக்குப் பண்ணினா 5.4னு வரும். பரீட்சையில நிறைய பேர் விழுற குழி இது.

அப்புறம் ஏன் மழையில ரெட்டைக் கம்பி லைனும் இரையுதுன்னு அடுத்து கேட்பீங்க. கம்பியோட அடியில தொங்குற துளி, அந்த ஃபீல்டுல இழுபட்டு ஊசி மாதிரி கூர்மையாகும். அந்த முனையில மட்டும் ஃபீல்டு எகிறும். சராசரி 14 இருந்தாலும் அங்க காத்து உடைஞ்சிடும். துளி காய்ஞ்சதும் இரைச்சல் அடங்கிடும். வானம் தெளிஞ்சு, கம்பி காய்ஞ்ச பிறகும் ஒரே இடத்துல மட்டும் சத்தம் நிக்கலைன்னா, அங்க பிரிஞ்ச இழையோ, கூர்முனை நீட்டிக்கிட்டிருக்கிற ஸ்பேசர் கிளாம்ப்போ இருக்கான்னு பாருங்க.