காலையில் மட்டும் சொட்டிய ஜாயின்ட்

வணக்கம். கையில் இருப்பது 16 மில்லிமீட்டர் மல்டிலேயர் பைப். சுவர் 2 மில்லிமீட்டர், ஆகவே உள்ளே தண்ணீர் போகும் வழி 12. வெட்டிய முனையைக் கேமராவுக்குக் காட்டுகிறேன். உள்ளே பிளாஸ்டிக், நடுவில் வெள்ளிக் கோடு மாதிரித் தெரிவது அலுமினியம், வெளியே மறுபடி பிளாஸ்டிக். இடையில் இரண்டு பசை அடுக்குகளும் உண்டு, கண்ணுக்குத் தெரியாது.

இது நானே பொருத்தி, நானே கழற்றிய துண்டு. கீசரிலிருந்து குளியலறைக்குப் போகிற சுடுதண்ணீர் லைன். அழுத்தச் சோதனையில் ஒரு சொட்டுகூட இல்லை. மூன்று வாரம் கழித்து, காலையில் மட்டும் ஃபிட்டிங்கின் நட்டில் ஈரம். கீசர் போட்டுக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ராத்திரி முழுக்க ஆறிய பிறகு மறுபடி சொட்டும். நட்டைக் கால் சுற்று முடுக்கினேன், இரண்டு நாள் நின்றது. மறுபடி முடுக்கினேன், ஒரு நாள்.

இங்கே நட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. தப்பு வளைவில்.

காம்ப்ரஷன் ஃபிட்டிங்கில் தண்ணீரை நிறுத்துவது நட் இல்லை. பைப்புக்குள்ளே நுழையும் பித்தளைக் குழாயின் மேல் இரண்டு ஓ-ரிங் இருக்கும், தண்ணீரைத் தடுப்பது அவைதான். வெளியே இருக்கிற பிளந்த வளையமும் நட்டும் பைப்பை அதன் மேல் இறுக்கிப் பிடிக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே பைப் முனை வட்டமாக இருந்தே ஆக வேண்டும். நான் என்ன செய்தேன்? இடம் இல்லை என்று ஃபிட்டிங்கை ஒட்டியே பைப்பை வளைத்துவிட்டேன். முனை லேசாக முட்டை வடிவம் ஆனது. அதோடு வளைவு ஃபிட்டிங்கைப் பக்கவாட்டில் நெம்பிக்கொண்டே இருந்தது. சூட்டில் பிளாஸ்டிக் இளகி அந்த நெம்புதலுக்கு இடம் கொடுக்கும். ஆறிச் சுருங்கும்போது, ஓ-ரிங்குக்கு ஒரு பக்கம் பிடி குறைந்துவிடும். சூடாக இருக்கும்போது ஒழுகாமல், ஆறினால் ஒழுகுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரி, எவ்வளவு வளைக்கலாம்? வெறும் கையால் என்றால் ஆரம் வெளிவிட்டத்தைப் போல ஐந்து மடங்கு. 16-க்கு 80 மில்லிமீட்டர். ஸ்பிரிங் போட்டு வளைத்தால் நான்கு மடங்கு வரை இறங்கலாம், அதாவது 64. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அவர்கள் தாளில் இருப்பதே கடைசி வார்த்தை. 80 ஆரத்தில் ஒரு செங்கோணத் திருப்பம் மட்டுமே குறைந்தது 80 மில்லிமீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும், நேராக விட வேண்டிய பைப் அதற்கு மேல். என்னிடம் சுவருக்கும் ஃபிட்டிங்குக்கும் நடுவே இருந்த தூரம் மொத்தமே 110. முதலிலேயே டேப் பிடித்திருந்தால் எல்போ போட்டிருப்பேன்! நான் இப்போது வைத்துக்கொண்டிருக்கிற பழக்கம், ஃபிட்டிங்கிலிருந்து விட்டத்தைப் போல பத்து மடங்கு, அதாவது ஒரு 16 சென்டிமீட்டராவது நேராக விட்டு, அதற்கப்புறம்தான் வளைவு.

மடிந்துபோன இடத்தை நிமிர்த்திச் சமாளிக்க முயலாதீர்கள். அலுமினியம் இல்லாத பைப்பில் சூடு காட்டி மடிப்பை எடுப்பவர்கள் உண்டு. இதில் அது நடக்காது. உள்ளே அலுமினியம் ஒருமுறை நொறுங்கினால் நொறுங்கியதுதான். அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள்.

திரும்பப் பொருத்தியதைக் காட்டுகிறேன். முனையை ஹேக்ஸாவால் அறுக்கவில்லை, கட்டரால் நேராக வெட்டினேன். நட்டையும் வளையத்தையும் முதலில் மாட்டிவிட்டேன். இதை மறக்காத ஆளே இல்லை. அப்புறம் ரீமரைச் சுற்றி முனையை வட்டமாக்கி, உள் ஓரத்தைச் சாய்வாகச் சீவினேன். சீவாத கூர்மையான ஓரம் ஓ-ரிங்கை நறுக்கிவிடும். பித்தளையும் அலுமினியமும் தொடாமலிருக்க ஃபிட்டிங்கில் ஒரு வெள்ளை வாஷர் இருக்கும், அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். முனையைத் தண்ணீரில் நனைத்து, முட்டும் வரை நேராக அழுத்தினேன். இரண்டு ஸ்பேனர்: ஒன்று ஃபிட்டிங்கைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப.

சூட்டைப் பற்றி ஒரு விஷயம். மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். இரண்டு பக்கமும் பெக்ஸ் என்றால் சுடுதண்ணீருக்கு ஆகும். வெறும் பி.இ. என்று மட்டும் போட்டிருந்தால் அதைப் பச்சைத் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெக்ஸாகவே இருந்தாலும் கீசர் வாயில் நேராக மாட்டவில்லை, முதல் அரை மீட்டர் உலோகக் குழாய் விட்டிருக்கிறேன். தெர்மோஸ்டாட் கெட்டால் அங்கேதான் முதல் அடி விழும். ஃபிட்டிங்கைச் சுவருக்குள் பூசவும் இல்லை. சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் நட் கொஞ்சம் தளரும், கை எட்டுகிற இடத்தில் இருந்தால்தான் முடுக்க முடியும்.

இப்போது எல்போ போட்டு இரண்டு மாதம் ஆகிறது. இன்று காலை, கீசர் போடுவதற்கு முன், நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒட்டிப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.