மணமேடையில் மாறி மாறி நன்றி சொல்வது எப்படி?

(மலேசியாவில் திருமண விருந்துகளை வழிநடத்தும் நெறியாளர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம்முடைய திருமண விருந்துகளில், குடும்பத்தின் சார்பில் தந்தையோ தாய்மாமனோ ஒலிவாங்கியைப் பிடித்து நன்றி கூறிய காலம் போய், மணமக்களே சேர்ந்து நின்று பேசும் வழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. அவர்கள் வந்து, "அண்ணா, ரெண்டு பேரும் மாறி மாறிப் பேசுற மாதிரி எழுதிக் குடுங்க" என்று கேட்கும்போது, நம்மில் பலர் ஒரே நன்றியுரையை எழுதி, ஒரு வரியை மணமகனுக்கும் அடுத்த வரியை மணமகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறோம். அப்படிப் பங்கிடும்போது இருவரும் ஒரே பாடத்தை ஒப்பிப்பது போல ஆகிவிடுகிறது. அந்த வரியை அவர் சொன்னாலும் இவர் சொன்னாலும் ஒன்றுதான் என்றால், இருவர் பேச வேண்டிய தேவையே இல்லை.

எனவே எழுதத் தொடங்கும்முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: யாருக்கான நன்றி யார் வாயிலிருந்து வந்தால் எடை கூடும்? தன் தாய்க்கு மகள் நன்றி சொல்வதை அவை எதிர்பார்க்கிறது. அதையே மருமகன் சொன்னால், மகளைக் கொடுத்த வீடு நிமிர்ந்து உட்காரும். ஆகவே பெண் வீட்டாருக்கு மணமகனும், மாப்பிள்ளை வீட்டாருக்கு மணமகளும் நன்றி சொல்லட்டும். தன் வீட்டாரைப் பற்றி ஒரு வரி சொல்லத் தோன்றினால் அது நன்றியாக இல்லாமல் நினைவாக இருக்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். மணமகன் கிள்ளானைச் சேர்ந்தவர். மணமகள் சுங்கை பட்டாணிக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் வளர்ந்து, கிள்ளானில் வேலை பார்ப்பவர். அவருடைய தந்தை உயிரோடு இல்லை. தாரை வார்த்தவர் தாய்மாமன். தொடக்கத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம்.

மணமகன்: எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் பெரியோர்களுக்கும் உற்றார் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் இருவரின் வணக்கம்.

மணமகள்: சுங்கை பட்டாணியிலிருந்து நேற்று இரவு பேருந்தில் புறப்பட்டு, விடியற்காலையில் கிள்ளானில் வந்து இறங்கிய என் தோட்டத்துச் சொந்தங்கள், அதோ, பின்வரிசையில் இருக்கிறார்கள்.

மணமகன்: அந்தப் பேருந்து இரவு 11 மணிக்குத்தான் திரும்பும். சாப்பிடாத ஒருவரைக்கூட ஏற்றக்கூடாது என்று ஓட்டுநரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மணமகள் சொல்லத் தொடங்கியதை மணமகன் எடுத்து முடிக்கிறார். மாறி மாறிப் பேசுவதன் பயன் இங்கேதான் தெரிகிறது. அவளுடைய ஊர்க்காரர்களை அவன் கவனித்திருக்கிறான் என்பது, 'எங்கள் குடும்பம்' என்ற சொல் இல்லாமலேயே அவைக்கு விளங்கிவிடுகிறது.

அடுத்து, மிகவும் கவனமாக எழுத வேண்டிய பகுதி. இறந்த தந்தையைப் பற்றி மணமகளே விரிவாகப் பேசும்படி எழுதிக் கொடுக்காதீர்கள்; ஒத்திகையில் தடையில்லாமல் வந்த குரல், மேடையில் தாயின் முகத்தைப் பார்த்தவுடன் உடைந்துவிடும், பிறகு மீதி உரை முழுவதும் அழுகையைச் சமாளிப்பதிலேயே கழியும். பாரத்தை மணமகன் தூக்கட்டும். மணமகளுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் இயன்றால் சிரிப்பைத் தொடும் வரி, போதும்.

மணமகன்: மாமா மறைந்த பிறகு, பகலில் தோட்ட வேலையும் இரவில் தையல் இயந்திரமுமாக மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் என் அத்தை. இன்று காலை தாரை வார்த்தது தாய்மாமாவின் கை. அந்தக் கைக்குள் அத்தையின் கையும் இருந்தது என்றே நான் எண்ணிக்கொண்டேன். அத்தை, உங்களுக்கு என் நன்றி.

மணமகள்: அப்பா இருந்திருந்தால், பேச்சு நீளுகிறது, முடி என்று இந்நேரம் கையைக் காட்டியிருப்பார்.

மணமகள் (சற்று நிறுத்தி, மாமியார் பக்கம் திரும்பி): அத்தை, நான் வேலைக்காகக் கிள்ளானுக்கு வந்த முதல் ஆண்டில், இந்த வீட்டு மருமகளாவேன் என்று யாருக்கும் தெரியாதபோதே, வாரந்தோறும் எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பியவர் நீங்கள். அந்தச் சட்டியைக் கழுவி என்னிடம் திரும்பக் கேட்டு வாங்கிப் போனவர் மாமா.

நம் சடங்குகளில் கணவனை இழந்த தாய் ஓரமாக நிற்கும்படி ஆகிவிடுகிறது. அதை நான் ஏற்பதில்லை. அவர் பெயரால் அவையில் கைதட்டல் எழும்பும் இடம் இந்த ஒன்றாவது இருக்கட்டும். ஆனால் அந்த வரிகளை முன்னதாகவே தாயிடம் வாசித்துக் காட்டி அனுமதி பெறுங்கள். தையல் இயந்திரத்தைப் பற்றி மேடையில் சொல்வது தனக்குக் கூச்சம் என்று அவர் கருதினால் அந்த வரியை எடுத்துவிட வேண்டியதுதான்.

மேலே உள்ள வரிகளில் எல்லாமே 'நன்றி' என்று முடியவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே செய்தது. தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில்தான் இருக்கிறது. அடுத்தவர் தம் முறை வந்ததை அந்தக் கடைசிச் சொல்லை வைத்துத்தான் அறிகிறார். எட்டு முறை பேசி எட்டு முறையும் 'நன்றி' என்றே முடித்தால், எந்த 'நன்றி'க்குப் பின் எந்த வரி என்று மணமக்கள் தடுமாறுவார்கள். அவையோ ஒவ்வொரு முறையும் கைதட்டி, நான்காவது முறைக்குப் பிறகு சலித்துப் போகும். ஒவ்வொருவரின் வரியும் வேறு வேறு சொல்லில் முடியட்டும். கைக்கு அடக்கமான அட்டையில் இருவருக்கும் முழு உரையும் இருக்க வேண்டும். தம் வரி மட்டும் எழுதிய அட்டை ஆபத்து. மற்றவர் வரியின் கடைசி இரண்டு சொற்களை வண்ணத்தில் கோடிட்டுக் கொடுங்கள்.

மண்டபத்தில் ஒலிவாங்கி ஒன்றுதான் என்றால் இந்த அமைப்பே மாற வேண்டும். கை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மௌனமும், மோதிரம் உரசும் சத்தமும் வரும். ஒரு வரி, ஒரு வரி என்று மாற்றினால் சிரிப்புக்கிடமாகும். அப்போது ஒவ்வொருவரும் நான்கைந்து வாக்கியங்கள் சேர்த்துப் பேசி, மொத்தம் ஐந்தாறு மாற்றங்களோடு நிறுத்துவதே நல்லது. முன்கூட்டியே மண்டபத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இரண்டு இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

பெயர்ப் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாக. டத்தோ, டான் ஸ்ரீ பட்டம் பெற்றவர்கள் வந்திருந்தால் அவர்களை நெறியாளராகிய நாம் வரவேற்பிலேயே உரிய முறையில் விளித்துவிட்டால், மணமக்களின் நேரம் மிச்சமாகும். உறவினர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம். ஒரு சித்தப்பாவைச் சொல்லி மற்றவரை விட்டால் அடுத்த பொங்கல் வரை பேச்சு நீளும். 'வாழை மரம் கட்டியவர்கள், விடிய விடியத் தோரணம் பின்னியவர்கள்' என்று வேலையைச் சொன்னால், செய்தவர்கள் ஒவ்வொருவரும் தம்மைத்தான் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். அலுவலக மேசைகளில் மலாய், சீன நண்பர்கள் இருந்தால், 'தெரிமா காசே கெரானா சூடி ஹாடிர்' என்று மலாயில் ஒரு வரி, இருவரில் யாருடைய அலுவலகமோ அவர் சொல்லட்டும்.

மொத்த உரை 4 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் நிதானமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு 80 அல்லது 90 சொற்கள்தான் பேசுவார். கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் இடம் விட்டால், எழுதும் உரை 300 சொற்களுக்குள் அடங்க வேண்டும். அணிச்சல் வெட்டி முடிந்து, சாப்பாட்டு வரிசை திறப்பதற்கு முன்னுள்ள இடைவெளியில் பேச வையுங்கள். பிரியாணி வாசம் வந்த பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் கடைசி வரிகள் அவையைச் சாப்பாட்டுக்கு அனுப்புவதாகவே அமையட்டும்.

மணமகள்: மேடைக்கு வந்து படம் எடுத்துக்கொள்ள இயலாத பெரியவர்கள் இருந்த இடத்திலேயே இருங்கள், நாங்கள் இருவரும் உங்கள் மேசைக்கு வருகிறோம்.

மணமகன்: மற்றவர்கள் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். வலப்பக்கம் சைவம், இடப்பக்கம் அசைவம்; தயவுசெய்து எல்லோரும் சாப்பிட வாருங்கள்.