டிக்கெட் கையில், ஆப் சொல்கிறது "இல்லை": ஒரு காலித் திரையின் பொய்

[திரையில்: இருட்டு. பேருந்து ஹாரன் சத்தம்.]

இரவு 11:30. "டிக்கெட்டைக் காட்டுங்க சார்" என்கிறார் நடத்துநர். ஆப்பைத் திறக்கிறேன். நடுவில் அழகாக ஒரு காலிப் பை படம். அதன் கீழே, "உங்களிடம் டிக்கெட் எதுவும் இல்லை." அப்புறம் ஒரு பட்டன்: "டிக்கெட் வாங்குங்கள்."

நான் பணம் கட்டி ஒரு வாரம் ஆகிறது! நடத்துநர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இந்த வீடியோவில் காட்ட முடியாது. பத்து நிமிடம் கழித்து சிக்னல் வந்தது. டிக்கெட் அங்கேயேதான் இருந்தது.

வணக்கம். சேனலுக்குப் புதியவர் என்றால் சப்ஸ்கிரைப் செய்துவிட்டு உட்காருங்கள்.

அந்தத் திரையில் சின்ன வாசகம், லேசான படம், ஒரே பட்டன் என்று எல்லாம் முறைப்படி இருந்தது. தப்பு என்னவென்றால், அங்கே வரவேண்டிய திரையே அது இல்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லாதபோது வருவது காலித் திரை. கேட்டும் பதில் கிடைக்காதபோது வருவது பிழைத் திரை. இரண்டும் எப்படிக் குழம்பின? பெரும்பாலும் ஆப்பின் நிரலில், கோட்லின் மொழியில், இப்படி ஒரு துண்டு இருக்கும்:

```kotlin
try {
    api.getTickets()
} catch (e: IOException) {
    emptyList()
}
```

நெட் இல்லாவிட்டால் காலிப் பட்டியலைக் கொடு என்கிறது இது. ஆப் கிராஷ் ஆகாது, எழுதியவர் நிம்மதியாகத் தூங்குவார். நம் வீட்டில் ஒரு பையனைச் சர்க்கரை வாங்க அனுப்புகிறோம் என்று வையுங்கள். கடை பூட்டியிருக்கிறது. அவன் திரும்பி வந்து, "சர்க்கரை இல்லையாம்" என்கிறான். அம்மா என்ன நினைப்பார்? கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று அடுத்த தெருக் கடைக்கு அனுப்புவார். "கடை பூட்டியிருக்கு" என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரம் பொறுத்திருப்பார். அந்த நிரல் துண்டு செய்வதும் இதே வேலைதான். எனக்கும் அப்படித்தான், இன்னொரு டிக்கெட் வாங்கச் சொல்லி பட்டனை நீட்டியது!

ஆகவே திரைக்கு நான்கு நிலைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்: ஏற்றிக்கொண்டிருக்கிறது, டிக்கெட் வந்தது, டிக்கெட் இல்லவே இல்லை, எடுக்க முடியவில்லை. முதல் நிலையை மறந்தால், ஆப்பைத் திறந்ததும் "டிக்கெட் இல்லை" என்று அரை நொடி மின்னிவிட்டு டிக்கெட் வரும். கவனித்திருக்கிறீர்களா?

[திரையில்: பழைய வாசகமும் புதிய வாசகமும் பக்கத்தில் பக்கத்தில்.]

சரி, பிழைத் திரையில் என்ன எழுதுவது? "ஐயோ! ஏதோ தவறு நடந்துவிட்டது" வேண்டாம். ஐயோ என்று சொல்ல வேண்டியவன் நான்தான். என் வாசகம் இது:

"டிக்கெட்டுகளை எடுக்க முடியவில்லை. நீங்கள் முன்பதிவு செய்திருந்தால் அது அப்படியே இருக்கும். இணைய இணைப்பைப் பாருங்கள்."

பட்டனில், "மீண்டும் முயல்க."

"செய்திருந்தால்" என்று ஏன் இழுக்கிறேன்? அந்த நொடியில் டிக்கெட் இருக்கிறதா என்று ஆப்புக்கே தெரியாது. "உங்கள் டிக்கெட் பத்திரம்" என்று எழுதினால் அது அடுத்த பொய். இதைவிட நல்ல வழி, வாங்கிய டிக்கெட்டைப் போனிலேயே சேமித்து வைத்து, "கடைசியாகப் புதுப்பித்தது மாலை 6:10" என்று மேலே ஒரு பட்டை காட்டுவது. அப்போது முழுப் பிழைத் திரையே தேவைப்படாது.

படத்துக்கு வருவோம். நெட் இல்லை என்று சொல்லும் படத்தையே நெட்டிலிருந்து இறக்கும் ஆப்புகளும் உண்டு, சத்தியமாக! வாசகத்துக்கு மேலே உடைந்த பட ஐகான் உட்கார்ந்திருக்கும். படம் ஆப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். குரோமின் டைனோசரைப் பாருங்கள். 2014இல் வந்தது, பிரவுசருக்குள்ளேயே இருப்பதால்தான் நெட் இல்லாதபோதும் ஓடுகிறது. நெட் இல்லாத ஆதி காலத்துக்கே போய்விட்டோம் என்பதுதான் அதன் நகைச்சுவை. கீழே சின்னதாக `ERR_INTERNET_DISCONNECTED` என்று காரணத்தையும் சொல்லிவிடும். எனக்கு அந்தக் கள்ளிச்செடிகளைத் தாண்டுவதில் போன மதியங்கள் கணக்கில்லை.

ஆனால் பணம் கட்டும் இடத்தில் டைனோசரும் வேண்டாம், "மீண்டும் முயல்க" பட்டனும் வேண்டாம். பதில் வரவில்லை என்றால் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை. வங்கியில் கழிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அழுத்தினால் இரண்டு முறை போகக்கூடும். அங்கே ஒரே பட்டன், "பணம் போனதா என்று பார்க்க."

இப்போது உங்கள் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, டிக்கெட் ஆப்பைத் திறந்து பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கமெண்டில் போடுங்கள். அதற்கு முன் ஏரோபிளேன் மோடை எடுத்துவிட மறக்காதீர்கள்.