மொபைல் கவர் டிஸ்கிரிப்ஷன்: கடைக்காரர் கை இல்லாத குறை

கேள்வி: "அண்ணே, நான் ஆன்லைன்ல மொபைல் பேக் கவர் விக்கிறேன். அதே கவர நூறு பேரு அதே போட்டோ போட்டு விக்கிறாங்க. டிஸ்கிரிப்ஷன்ல என்ன எழுதினா என்னோடது மட்டும் தனியா தெரியும்?"

இந்த கேள்விய பார்த்துட்டு நேத்து ராத்திரி ஒக்காந்து லிஸ்டிங் லிஸ்டிங்கா படிச்சேன், எல்லாத்துலயும் பிரீமியம், ஷாக் ப்ரூஃப், பெர்ஃபெக்ட் ஃபிட், இந்த மூணும்தான் மாத்தி மாத்தி இருக்கு. இதுல நீங்க நாலாவதா ஒரு அல்ட்ரா சேர்த்தா யாரு கண்ணுல படும்?

நம்ம பழைய வீடியோ பார்த்தவங்களுக்கு நான் சொல்ற கடைக்காரர் கதை தெரியும், பரவால்ல இன்னொரு தடவ கேளுங்க. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல ஒரு மொபைல் கடை, கவர் கேட்டா அவர் கவரையே எடுக்க மாட்டாரு, "போன குடு தம்பி"ம்பாரு. வாங்கி திருப்பி கேமராவ பாப்பாரு, டெம்பர் ஒட்டிருக்கான்னு கட்டை விரலால தடவுவாரு, அப்புறம்தான் கவரு. ஆன்லைன்ல அந்த கை இல்ல. அந்த கை செய்யுற வேலைய உங்க எழுத்து செஞ்சா போதும்.

உதாரணத்துக்கு ரெட்மி நோட் 12. 2023ல இங்க 4ஜி தனியா 5ஜி தனியா வந்துச்சு. நீள அகலத்துல மயிரிழைதான் வித்தியாசம், ஆனா கவர் வேற வேற. எனக்கு ஒரு ஹோல்சேல்காரர் ரெண்டையும் ஒரே கட்டுல கலந்து குடுத்துட்டாரு, நானும் பாக்காம "நோட் 12 கவர்"னு போட்டேன், திரும்பி வந்த பார்சல அடுக்க வீட்டுல இடம் இல்ல. அதுக்கப்புறம் முதல் வரியே இப்படி மாத்தினேன்: "இது ரெட்மி நோட் 12 5ஜிக்கு மட்டும். 4ஜி, ப்ரோ, ப்ரோ பிளஸ்ஸுக்கு சேராது. சந்தேகம்னா செட்டிங்ஸ்ல About phone தொட்டு பேர பாத்துட்டு வாங்குங்க." எதுக்கு சேராதுன்னு எழுத எல்லாரும் பயப்படுறாங்க, வர்ற ஆள நாமளே துரத்துற மாதிரி தோணும். ஆனா சரியான போன் வச்சிருக்கவன் அத படிச்சதும் 'ஆங், இவனுக்கு விஷயம் தெரியும்'னு நின்னுடுவான்.

அடுத்து விளிம்பு, அதாவது ஸ்கிரீன சுத்தி கவர் தூக்கி நிக்கிற அந்த ஓரம். எல்லாரும் 'ரைஸ்டு எட்ஜ்'னு எழுதுறாங்க, எவ்ளோ ரைஸ்னு ஒருத்தரும் சொல்றதில்ல. நீங்க அளந்து சொல்லுங்க, மெஷின் எல்லாம் வேணாம். போனுக்கு டெம்பர் ஒட்டி கவர் மாட்டுங்க, மேல குறுக்கால ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைங்க, ஸ்கேலுக்கு அடியில சாதா ஏ4 பேப்பர துண்டு துண்டா வெட்டி ஒண்ணொண்ணா அடுக்குங்க. ஸ்கேல் பேப்பர்ல உரச ஆரம்பிச்சதும் நிறுத்திட்டு எண்ணுங்க. ஒரு பேப்பர் சுமாரா 0.1 மில்லிமீட்டர், அஞ்சு பேப்பர் போச்சுன்னா அரை மில்லிமீட்டர். டெம்பர் இல்லாம அளந்துடாதீங்க, அதுவே 0.3 மில்லிமீட்டருக்கு மேல தின்னுடும். நான் வாங்கின ஒரு மலிவு கவர்ல டெம்பர் ஒட்டினதும் ஓரமும் கண்ணாடியும் சமமா போச்சு, கவுந்து விழுந்தா டெம்பரும் சேர்ந்துதான் தரைய தொடும். உங்களோடது நிக்குதுன்னா "டெம்பர் ஒட்டின பிறகும் அரை மில்லிமீட்டர் உயரம்"னு எழுதுங்க, அந்த வரிய காப்பி அடிக்கிறவன் கூட அளந்துதான் ஆகணும். ஆனா ஓரம் ரொம்ப உள்ள வந்து டெம்பர் மூலைய தூக்குச்சுன்னா அதையும் எழுதிடுங்க, இல்லனா அது ரிவ்யூல ஒரு ஸ்டாரா வரும்.

மஞ்சள் விஷயம். ரப்பர் மாதிரி வளையுற டிரான்ஸ்பரன்ட் டிபியூ கவர் வெயில், சூடு, கை வேர்வை பட்டா மஞ்சளாகும், புதுசுல லேசா நீலமா தெரியுதே, மஞ்சள் தெரியாம இருக்க போடுற சாயம்தான் அது. "மஞ்சளே ஆகாது"ன்னு எழுதாதீங்க. "நாளாக மஞ்சளாகும், வெயில்ல பைக் ஹோல்டர்ல வச்சா சீக்கிரமே ஆகும்"னு எழுதுங்க. முதுகு கெட்டியான பாலிகார்பனேட், ஓரம் டிபியூன்னா பெரும்பாலும் ஓரம்தான் முதல்ல மாறும், அதையும் சொல்லிடுங்க.

மிலிட்டரி கிரேடுன்னு போடுறதுக்கு முன்னாடி யோசிங்க, அமெரிக்க ராணுவம் எந்த கவருக்கும் சர்டிஃபிகேட் குடுக்குறதில்ல, எல்லாரும் எழுதுற MIL-STD-810 அவங்களோட ஒரு டெஸ்ட் முறை அவ்ளோதான். டெஸ்ட் பண்ண பேப்பர் சப்ளையர்கிட்ட இல்லனா விட்டுடுங்க.

டைட்டில்ல மாடல் பேர், கலர் எல்லாம் எப்பவும் போல இருக்கட்டும், சர்ச்சுல வரணும்ல. நீங்க உண்மையா கேட்டிருக்க வேண்டியது ரிட்டர்ன எப்படி குறைக்கிறதுன்னுதான். செல்லர் பேனல்ல ரிட்டர்ன் காரணம் இருக்கும், அத எடுத்து வச்சுக்கிட்டு டிஸ்கிரிப்ஷன் எழுதுங்க. எனக்கு அடிக்கடி வந்தது "சார்ஜர் முழுசா உள்ள போகல". வாங்கினவங்களோட கேபிள் முனை தடிச்சு, கவர் ஓட்டை சின்னது. ஓட்டைய அளந்து அகலத்த போட்டேன், அந்த காரணம் வர்றது நின்னு போச்சு.