70 குறிகளுக்குள் ஒரு தலைப்பு

வணக்கம் நேயர்களே. ஆங்கிலத்தில் வந்து விழும் ஏஜென்சி செய்தியைத் தமிழ்த் தலைப்பாக்கி, கைப்பேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பும் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். உங்கள் கையில் இருக்கும் பேசி 'டிங்' என்று ஒலித்ததும் கண்ணில் படும் அந்த ஒற்றை வரி எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் அது பிசகும் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் இடம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் உண்டு. அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தாலும் போதும், முழுச் செய்தியும் வேறு முறைக்கு மாறி, இடம் 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த 70-ம் நாம் பள்ளியில் எண்ணிய எழுத்துகள் அல்ல. 'தமிழ்நாடு' என்பதில் நமக்கு ஐந்து எழுத்துகள். கணினிக்கு ஒன்பது குறிகள்: மகரம் ஒன்று, அதன் மேல் ஏறிய இகரக் கொக்கி ஒன்று, ழகரம் ஒன்று, அதன் தலைப்புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் இரண்டு இடம் போகிறது. மெய்யெழுத்து இல்லாமல் தமிழ் ஏது?

இனி ஒரு செய்தியைக் கையில் எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி தன் நிதிக் கொள்கையை அறிவித்தது. ரெப்போ விகிதம், அதாவது வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி, 6.50 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாகக் குறைந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் அதுவே முதல் குறைப்பு. ஆங்கிலத் தலைப்புகள் இதை '25 பேசிஸ் பாயிண்ட்' குறைப்பு என்று சொல்லின. நூறு பேசிஸ் பாயிண்ட் சேர்ந்தால் ஒரு சதவீதப் புள்ளி. ஆங்கிலத்தை அப்படியே பின்தொடர்ந்தால் தமிழ்த் தலைப்பு இப்படி வரும்: 'ரெப்போ வட்டி விகிதத்தை 25 அடிப்படைப் புள்ளிகள் குறைத்து 6.25 சதவீதமாக்கியது ரிசர்வ் வங்கி'. எண்ணிப் பார்த்தால் 89 குறிகள். 19 குறிகளை வெட்டியாக வேண்டும்.

எதை வெட்டுவது? அவசரத்தில் முதலில் கை போகிற இடம் 'அடிப்படைப் புள்ளிகள்'. அது கேட்பவருக்கும் பழக்கமில்லாத சொல், இடத்தையும் அடைக்கிறது. அதனால் பலரும் 'ரெப்போ வட்டி 0.25% குறைப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். சுருக்கமாக இருக்கிறது, ஆனால் கணக்கு இடறுகிறது. 6.50-இல் 0.25 சதவீதம் என்றால் 0.016 தான். அதைக் கழித்தால் வட்டி 6.48-க்கு வர வேண்டும், 6.25-க்கு அல்ல. பொருளாதாரம் படித்தவர் ஊகித்துக்கொள்வார். கடன் வாங்கியவர் ஏன் ஊகிக்க வேண்டும்?

அடுத்த அபாயம் இதைவிடப் பெரியது. இன்னும் சுருக்க நினைக்கும் ஒருவர் '6.25% ஆகக் குறைப்பு' என்பதிலிருந்து 'ஆகக்' என்ற சொல்லைத் தூக்கிவிடுகிறார். இடைவெளியோடு சேர்த்து ஐந்து இடம் மிச்சம். மீதி இருப்பது '6.25% குறைப்பு'. இப்போது அந்தத் தலைப்பின்படி வட்டி கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிட்டது! தமிழில் உண்மை குடியிருப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன உறுப்புகளில்தான். 'ஆக', 'ஆல்', 'இலிருந்து', 'என' ஆகியவை பார்வைக்கு ஒட்டுத்துணி போல இருக்கும். பிரித்தால் சட்டையே கழன்றுவிடும். எனவே என் கத்தரி அவற்றைத் தொடாது. 'விகிதத்தை' என்பதை எடுக்கிறேன், ஏனெனில் 'ரெப்போ வட்டி' என்றாலே விகிதம்தான். அடிப்படைப் புள்ளிகளை எடுத்துவிட்டு, பழைய அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்: 'ரெப்போ வட்டியை 6.50-லிருந்து 6.25% ஆகக் குறைத்தது ரிசர்வ் வங்கி'. 63 குறிகள். கழித்தல் வேலையை வாசகரே செய்துகொள்வார். தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

இன்னும் ஏழு இடம் மிச்சம் இருக்கிறது. அதை நிரப்பவும், மக்களுக்குப் பிடித்த மாதிரி சொல்லவும் ஒரு ஆசை வரும்: 'வீட்டுக் கடன் வட்டி குறைந்தது' என்று எழுதினால் எத்தனை பேர் திறந்து பார்ப்பார்கள்! ஆனால் அன்று காலை அப்படி எதுவும் நடக்கவில்லை. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றிலும் வட்டி மாற்றியமைக்கப்பட மூன்று மாதம் வரை ஆகலாம். பழைய முறைக் கடன்களுக்கு இன்னும் தாமதம். நிலையான வட்டியில் வாங்கியவருக்கு எந்த மாற்றமும் கிடையாது. 'குறைய வாய்ப்பு' என்று எழுதினாலும், அதைச் சொன்னவர் யார் என்ற கேள்வி எழும். ரிசர்வ் வங்கி ஆளுநர் சொல்லவில்லை, வங்கிகள் சொல்லவில்லை என்றால் சொல்வது நாம்தான். தலைப்பில் நமக்கு அந்த உரிமை இல்லை. ஏழு இடமும் காலியாகவே போகட்டும்.

வினையின் காலத்தையும் இங்கேயே கவனித்துவிடலாம். ஆங்கிலத் தலைப்பு நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்லும். அதைப் பார்த்து 'குறைக்கிறது ரிசர்வ் வங்கி' என்று எழுதினால், இனிமேல்தான் குறைக்கப்போகிறது என்று தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார். 'குறைத்தது' என்றுதான் வர வேண்டும். 'விலை உயர்வு', 'கட்டணம் குறைப்பு' என்று பெயர்ச்சொல்லில் முடிக்கும் நம் வழக்கமான தலைப்புகளில் காலமே காணாமல் போய்விடும். இன்று முதல் உயர்வா, அடுத்த மாதம் முதலா என்று தேதி ஒன்றைச் சேர்த்தால்தான் அந்தத் தலைப்பு முழுமை பெறும்.

வட்டிச் செய்தியில் தவறினால் ஒரு திருத்தம் போட்டுக் கடந்துவிடலாம். குற்றச் செய்தியில் அப்படி முடியாது. 'கொலையாளி கைது' என்பது 13 குறிகள். 'கொலை வழக்கில் ஒருவர் கைது' என்பது 25. அந்தப் பன்னிரண்டு இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக, நீதிமன்றம் தரவேண்டிய தீர்ப்பை நாம் காலை பத்து மணிக்கே எழுதிவிடுகிறோம். 'குற்றம்சாட்டப்பட்டவர்' என்ற சொல் மட்டுமே 21 இடம் கேட்கும், உண்மைதான். அதனால்தான் ஆளைக் குறிக்கும் சொல்லைத் தேடாமல், காவல்துறை செய்த செயலைச் சொல்லும் வாக்கியமாக மாற்ற வேண்டியிருக்கிறது. யார் கைதானார், எந்த வழக்கில் என்பதோடு நிற்கலாம். 'கைது' என்று பெயர்ச்சொல்லில் முடிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: 'ஆன்' விகுதியா 'ஆர்' விகுதியா என்ற சிக்கல் வராது. அரசியல் தலைவர் கைதானால் 'ஆர்', கூலித் தொழிலாளி கைதானால் 'ஆன்' என்று எழுதுவது நடுநிலை ஆகாது. இது நம் நாளிதழ்களில் நெடுங்காலமாக ஊறிப்போன வழக்கம், எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கமும்கூட.

தொனி பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தலைவர் இன்னொருவரை விமர்சித்தார் என்ற செய்திக்கு 'விளாசல்', 'பதிலடி', 'பகீர்' என்று எழுதுவது இடத்தைக் குறைப்பது போலத் தோன்றும். ஆனால் 'பதிலடி' என்றால் யாரோ ஒருவர் வென்றுவிட்டார் என்று தொனிக்கிறது. 'பதில்' என்றாலே போதும், அது இன்னும் சின்னது. 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதினால் அவர் ஏதோ மறைத்திருந்தார் என்றாகும். 'கூறினார்' என்பது உப்புச்சப்பில்லாத சொல்தான். செய்தித் தலைப்புக்கு அதுவே ஏற்றது.

கடைசியாக, நம் மொழியின் அமைப்பிலிருந்தே வரும் ஒரு சிக்கல். தமிழில் வினை கடைசியில் வரும். மறுப்பும் கடைசியில் வரும். யார் சொன்னார் என்பதும் பெரும்பாலும் கடைசியில் வரும். கைப்பேசித் திரையோ கடைசியைத்தான் வெட்டும். குறுஞ்செய்தியே 70 குறிகளுக்குள் அடங்கினாலும், பூட்டிய திரையில் அதன் முதல் பாதி மட்டும் தெரிந்து, பிறகு மூன்று புள்ளிகள் நிற்கலாம். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் இது ஆங்கிலத்தைவிட விரைவில் நடக்கும். 'தவறான சிகிச்சையால் பெண் பலி என உறவினர் புகார்' என்ற தலைப்பு 'பெண் பலி…' என்று வெட்டுப்பட்டால், வெறும் புகாராக இருந்தது உண்மையாகிவிடும். மருத்துவர் குற்றவாளியாகிவிடுவார். 'ஆல்' என்ற உருபு காரணத்தை உறுதியாகச் சொல்லிவிட்டது; அதைத் தடுக்க வேண்டிய 'புகார்' திரைக்கு வெளியே கிடக்கிறது. இதற்கு வழி, சொன்னவரை முன்னால் கொண்டுவருவதுதான்: 'உறவினர் புகார்: தவறான சிகிச்சையால் பெண் மரணம்'. எங்கே வெட்டுப்பட்டாலும் புகார் புகாராகவே இருக்கும். 'பலி' மூன்றே குறிகள், 'மரணம்' ஐந்து. அந்த இரண்டு கூடுதல் குறிகளைத் தயங்காமல் தருகிறேன். இறந்தவர் யாருக்கும் பலியிடப்பட்டவர் அல்லர்.

மறுப்புக்கும் இதே கதைதான். 2025-இல் ஏப்ரலிலும் ஜூனிலும் ரெப்போ வட்டி மீண்டும் இறங்கி 5.50 சதவீதத்துக்கு வந்தது. ஆகஸ்ட் 6 அன்று ரிசர்வ் வங்கி அதை அப்படியே விட்டுவிட்டது. எவர் கையிலும் முதலில் வரும் தலைப்பு, 'ரெப்போ வட்டி விகிதத்தில் மாற்றம் இல்லை'. இலக்கணத்திலும் தகவலிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் 'இல்லை' வெட்டுப்பட்டுவிட்டால், 'ரெப்போ வட்டி விகிதத்தில் மாற்றம்…' என்று நடந்ததற்கு நேர் எதிரான செய்தி திரையில் நிற்கும். தொடர்ந்து மூன்று முறை குறைப்பைப் பார்த்தவர்கள் நான்காவதையும் எளிதாக நம்பிவிடுவார்கள். 'ரெப்போ வட்டி 5.50 சதவீதத்திலேயே நீடிக்கிறது' என்று எழுதினால் 43 குறிகள். இதில் கடைசிச் சொல் வெட்டுப்பட்டாலும் 'சதவீதத்திலேயே' என்பதன் ஏகாரம் செய்தியைச் சொல்லிவிடும். அதுவும் போய், 'ரெப்போ வட்டி 5.50' என்பது மட்டும் மிஞ்சினாலும், மிஞ்சியது பொய்யாகாது.

நன்றி, வணக்கம்.