மூலைப் பெட்டிக்குள் முகம் தெரியுமா?

(செப்டம்பர் 23, சர்வதேச சைகை மொழிகள் நாளையொட்டி நடந்த கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, வேறொரு நிகழ்ச்சியை விட்டுவிட்டு நமக்காக வந்திருக்கும் மாவட்ட அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகை இல்லாமல் தந்த சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட புலவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காதுகேளாத நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். என் பக்கத்தில் நின்று நான் பேசுவதைக் கையில் எடுத்துச் செல்லும் சகோதரிக்குத் தனி வணக்கம். அம்மா, நான் வேகமாகப் போனால் சட்டையைப் பிடித்து இழுங்கள்.

நான்கு விஷயம் பேசுவதாக ஒப்புக்கொண்டேன்: முகம், சைகை செய்கிறவரைச் சுற்றியிருக்கும் வெளி, எழுத்து, அப்புறம் பெயர்க்குறி. காதுகேளாதவர்கள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் வைக்கும் சைகைப் பெயரைத்தான் பெயர்க்குறி என்கிறேன். எது முடிகிறதோ பார்ப்போம்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இந்தப் பழமொழியை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன் என்று என் வீட்டில் கேலி. சைகை மொழியில் முகத்துக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று உணர்ச்சியைக் காட்டுவது. இன்னொன்று இலக்கணம். அமெரிக்கச் சைகை மொழியில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவத்தை உயர்த்த வேண்டும். யார், எங்கே, ஏன் என்று கேட்டால் புருவத்தைச் சுருக்க வேண்டும். சுருக்காவிட்டால் கேள்வி சரியாக அமையாது. இந்த இலக்கணம் மொழிக்கு மொழி மாறும்.

இங்கேதான் ஒரு சிக்கல். புருவத்தைச் சுருக்கினால் நமக்கெல்லாம் எப்படித் தெரியும்? கோபமாக. ஒரு காதுகேளாத தாய் தன் கைக்குழந்தையிடம் "பொம்மை எங்கே?" என்று கேட்க வேண்டும். இலக்கணப்படி கேட்டால் குழந்தைக்குத் தெரிவது கோபமான முகம். அவள் என்ன செய்வாள்? ஜூடி ரெய்லி, உர்சுலா பெலுகி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இப்படிப்பட்ட தாய்மார்களை வீடியோ எடுத்துப் பார்த்து 1996-இல் எழுதினார்கள். குழந்தைக்கு ஏறக்குறைய 2 வயது ஆகும்வரை அந்தத் தாய்மார்கள் பெரும்பாலும் புருவத்தைச் சுருக்குவதில்லை. கை மட்டும் "எங்கே" என்று கேட்கும், முகம் கனிவாகவே இருக்கும். 2 வயதுக்குப் பிறகுதான் புருவம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அதாவது தெரிந்தே இலக்கணத்தை விட்டுக்கொடுக்கிறாள். அந்த வீட்டில் கொஞ்சல் என்பது அதுதான்.

இதைத் தாளில் எழுதிப் பாருங்கள். "பொம்மை எங்கே?" அவ்வளவுதான். 6 மாதக் குழந்தையிடம் கேட்டதும் 3 வயதுப் பிள்ளையிடம் கேட்டதும் தாளில் ஒன்றுதான். மொழி ஆய்வாளர்கள் சைகைகளுக்கு நேராக வார்த்தைகளை எழுதி, புருவம் எவ்வளவு நேரம் சுருங்கியது என்று அதன் மேல் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். கனிவுக்குக் கோடு கிடையாது. கோடு இல்லாத இடத்தில்தான் அன்பு இருக்கிறது என்றால் அதைப் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? வீடியோ இருந்தால்தான் தெரியும்.

அடுத்தது வெளி. இதற்கு ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். புலவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமியார் காதுகேளாதவர். மகனுக்கும் மருமகளுக்கும் காது கேட்கும். கல்யாணமான முதல் ஆடி. வழக்கப்படி பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நாலு நாள் கழித்து மாமியார் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புகிறார். பெண்ணுக்குச் சைகை அரைகுறை. தம்பிக்காரன் இருக்கிறானே, யூடியூபில் பார்த்துப் பழகியவன், "நான் சொல்றேன்" என்று உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவிட்டான். "நீ எங்கே. முறுக்கு கொடுக்க மாட்டேன். வீடு காலி. எப்போது வருவாய்."

சம்பந்தி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! "ஆடிக்குக் கூட்டிவந்தது குத்தமா? முறுக்கு வேற கொடுக்க மாட்டாங்களாமே?" பெண்ணின் அம்மா ஒரு பக்கம், "நம்ம வீட்ல முறுக்குக்கா பஞ்சம்?" பெண் அழுகிறாள். நல்லவேளை, யாரோ மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்கள். அவர் அதே வீடியோவைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

அந்த அம்மா என்ன செய்திருக்கிறார் தெரியுமா? முதலிலேயே தன் வலப்பக்கம், நெஞ்சுக்கு அருகில் ஓர் இடத்தைச் சுட்டி அங்கே மருமகளை வைத்துவிட்டார். மகனை இடப்பக்கம், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் வைத்தார். சைகை மொழியில் ஒருவரை ஓர் இடத்தில் வைத்துவிட்டால் பேச்சு முடியும்வரை அந்த இடம் அவருடையது. பிறகு முறுக்கு. "கொடு" என்ற சைகை தன்னிடமிருந்து வலப்பக்கம் போகிறது, மருமகளுக்கு. உடனே தோளை லேசாகத் திருப்பி அவரே மகனாக மாறுகிறார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு முறுக்குக்குக் கை நீட்டுகிறார். மறுபடி தானாகத் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுகிறார். உனக்குக் கிடையாதுடா என்கிறார், மகனைப் பார்த்து! "வீடு காலி" என்னும்போது கை மெதுவாக வீட்டைச் சுற்றி வருகிறது, கன்னமும் தோளும் தொங்குகின்றன. "எப்போது வருவாய்" என்று கேட்டபோது கண் அந்த வலப்பக்க இடத்திலேயே இருக்கிறது, அங்கே பெண் நிற்கிற மாதிரி.

தம்பி எழுதிய வார்த்தை ஒன்றுகூடத் தப்பில்லை. யார் பக்கத்தில், யார் தள்ளி, கை எங்கிருந்து எங்கே போனது, கண் எங்கே நின்றது, இவைதான் தாளில் இல்லை. மாப்பிள்ளை சொன்னது வேறு மாதிரி: "கண்ணு, உனக்குன்னு முறுக்கு எடுத்து வச்சிருக்கேன், அவன் கேட்டாலும் தரல, நீ இல்லாம வீடே வெறிச்சுனு கிடக்கு, எப்போ வர்ற?" இதில் "கண்ணு" என்று எந்தக் கையும் சொல்லவில்லை, முகம்தான் சொன்னது. நல்ல மொழிபெயர்ப்பு அதைச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஆனாலும் கை முறுக்கைப் பற்றிச் சொல்லும் அதே நொடியில் முகம் மருமகளைக் கொஞ்சுகிறது. எழுத்து ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். கொஞ்சலை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்று எழுதுகிறவர் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை.

இதனால்தான் டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தன் அகராதியை வீடியோவாகவே வெளியிடுகிறது. 2021-இல் அது 10,000 சொற்களைத் தொட்டது. அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் என் கோரிக்கையைச் சொல்லாமல் இறங்க மாட்டேன் என்பது மாவட்ட அலுவலர் ஐயாவுக்கே தெரியும்.

தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறார்கள். மூலையில் ஒரு பெட்டி, அதற்குள் சைகை மொழிபெயர்ப்பாளர். முகம் புளியங்கொட்டை அளவு. சைகையில் பேசுகிறவர்கள் எதிரே இருப்பவரின் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பார்கள். கை ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். முகமே தெரியாத பெட்டியில் என்ன கேட்க முடியும்? அகத்தின் அழகு முகத்தில் தெரியும், சரி, முகம் எங்கே தெரிகிறது? போதாதற்கு அந்தப் பெட்டியின் கீழ்ப்பாதியை ஓடும் செய்திப் பட்டை மறைத்துவிடும். "கொடு" என்ற கை பட்டைக்குள் போனால் யாருக்குக் கொடுத்தார் என்றே தெரியாது. வெள்ள எச்சரிக்கை நேரத்திலும் இதே கதைதான். கீழே எழுத்து ஓடுகிறதே, படிக்கட்டுமே என்கிறார்கள். எழுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் முறுக்கில் பார்த்தோமே.

பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம், மொழிபெயர்ப்பாளரின் உருவம் திரையில் 6-இல் 1 பங்குக்குக் குறையக் கூடாது என்று வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. நாமும் அந்த அளவாவது கேட்போம். இடுப்பிலிருந்து தலைக்குமேல் வரை, இரண்டு முழங்கையும் விரியும் அகலத்தில் தெரிய வேண்டும். பட்டை அவர்மேல் ஏறக் கூடாது. இந்த மூன்றையும் மனுவாக எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். காதுகேளாத நண்பர்கள் தங்கள் கோரிக்கையைச் சைகையிலேயே சொல்ல, பக்கத்து அறையில் கேமராவும் வைத்திருக்கிறோம். மனுவோடு அந்த வீடியோவும் போகும்.

தலைவர் ஐயா மணியை எடுத்துவிட்டார். பெயர்க்குறி அடுத்த கூட்டத்துக்கு. நன்றி, வணக்கம்.